லாக் செய்த படத்தை ஊர்விட்டு ஊர் கைமாற்றுவது

கேள்வி: "நாங்கள் நாலு பேர், நாலு ஊர். 40 நிமிட ஆவணப்படம். எடிட் மதுரையில், கலர் ஹைதராபாத்தில், சவுண்ட் கொச்சியில், டைரக்டர் கோவையில். கூகுள் டிரைவ் இருக்கிறது, ரிவ்யூ லிங்க்கும் அனுப்புகிறோம். ஆனாலும் எது கடைசி வெர்ஷன், யாரிடம் இருக்கிறது என்றே தெரிவதில்லை. எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?"

நான் அசிஸ்டென்ட் எடிட்டராகத் தொடங்கி, பல வருடங்களாகப் படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளை ஒருங்கிணைப்பவன். நீங்கள் சொல்லும் நிலையில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: எடிட்டர் தன் வேலைக் கோப்பை வைத்திருப்பதும், டைரக்டருக்குக் காட்ட ஏற்றுவதும், சவுண்டுக்கு ஒப்படைப்பதும் ஒரே ஃபோல்டருக்குள் நடக்கின்றன. வைத்திருக்கும் கோப்பு தினமும் மாறும். காட்டிய கோப்பு கருத்து வாங்கியதும் பழசாகிவிடும். ஒப்படைத்த கோப்போ ஒருமுறை கொடுத்தபின் ஒரு ஃபிரேம்கூட மாறக் கூடாது, ஏனென்றால் அதன்மேல் இன்னொருவர் இரண்டு வாரம் வேலை செய்யப் போகிறார். இந்த மூன்றுக்கும் இடத்தைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நான் பயன்படுத்தும் அமைப்பு கீழே. படத்தின் குறிப்பெயர் KULAM என்று வைத்துக்கொள்வோம்.

```
KULAM/
  01_CARDS/
  02_PROXY/
  03_PROJECT/
  04_REVIEW/
  05_TO_SOUND/20240311_LOCK1/
  06_FROM_SOUND/
  07_TO_COLOR/
  08_FROM_COLOR/
  09_MASTER/
```

இதில் கவனிக்க வேண்டியது போவதற்கும் வருவதற்கும் தனித்தனி இடம் இருப்பது. கொச்சிக்காரருக்கு 05-இல் பார்க்க மட்டும் அனுமதி, 06-இல் எழுதவும் அனுமதி. மேல் ஃபோல்டருக்கே எடிட் அனுமதி கொடுத்தால் அது உள்ளே எல்லாவற்றுக்கும் இறங்கிவிடும். அதனால் KULAM-ஐ மொத்தமாகப் பகிராமல், உள் ஃபோல்டர்களைத் தனித்தனியாகப் பகிருங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர்வாரியாக அடுக்கும்போதே காலவரிசையும் வந்துவிடும். வெர்ஷன் எண்ணை v07 என்று இரண்டு இலக்கத்தில் எழுதுங்கள். final, latest, new போன்ற சொற்களைக் கோப்புப் பெயரில் அனுமதிக்காதீர்கள். கூகுள் டிரைவ் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை வைத்துக்கொள்ளவும் சம்மதிக்கும், உங்கள் கணினி சம்மதிக்காது. பெயர் ஒன்றாக இருந்தால் இறக்கும்போது எது வந்தது என்று சொல்ல முடியாது.

03_PROJECT பற்றி ஒரு எச்சரிக்கை. சிங்க் ஆகும் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு பிராஜெக்ட் கோப்பை இரண்டு ஊரிலிருந்து திறந்து வேலை செய்யவே கூடாது. ஒருவர் சேமித்தது மற்றவருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரும் சேமித்துவிடுவார், ஒருவருடைய அரைநாள் வேலை காணாமல் போகும். எடிட்டர் தன் கணினியில் வேலை செய்துவிட்டு, மாலையில் ஒரு நகலைத் தேதியோடு அங்கே போடட்டும். அந்த இடம் காப்பு நகலுக்கு, வேலை செய்வதற்கு அல்ல.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். படம் லாக் ஆன பிறகு, அதாவது வெட்டு முடிவான பிறகு, சவுண்டுக்குப் போவது எப்படி என்பதில்தான் அதிக நாட்கள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் ஒருங்கிணைத்த ஒரு படத்தில், லாக் செய்து சவுண்டுக்குக் கொடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. டைரக்டர் எடிட்டருக்குப் போன் செய்து, "தம்பி, அந்தப் பாட்டி திரும்பிப் பாக்குற இடத்துல ஒரு மூச்சு கம்மி பண்ணுப்பா" என்றார். எடிட்டர் 14 ஃபிரேம் எடுத்தார். அதே பெயரில் மறுபடி ஏற்றினார். கலருக்குப் புதியது போனது, சவுண்டிடம் பழையதே இருந்தது. கடைசியில் படத்தையும் ஒலியையும் சேர்த்தபோது பதினோராவது நிமிடத்துக்குப் பிறகு யார் பேசினாலும் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். நொடிக்கு 25 ஃபிரேமில் 14 ஃபிரேம் என்பது அரை நொடிக்குச் சற்று மேல். கண் உடனே பிடித்துவிடும்.

அன்று ஒரு நாள் முழுக்க ஃபிரேம் ரேட் தவறு என்று நினைத்து அதையே தேடிக்கொண்டிருந்தோம். தேடியதே தவறான இடம். இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஒலி தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால், தொடக்க டைம்கோட், அதாவது முதல் ஃபிரேமின் நேர எண், இரு பக்கமும் வேறாக இருக்கிறது. தொடக்கத்தில் சரியாக இருந்து, ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால், அந்த இடத்தில் யாரோ வெட்டை மாற்றியிருக்கிறார்கள். தொடக்கத்தில் சரி, போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது என்றால்தான் ஃபிரேம் ரேட். ஒரு பக்கம் 24, மறுபக்கம் 23.976 என்று இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். முதல் நிமிடத்தில் எதுவும் தெரியாது, உங்கள் 40 நிமிடப் படத்தின் முடிவில் 2.4 நொடி விலகியிருக்கும். இந்த மூன்றையும் பிரித்தறிவதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. தொடக்கத்தில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், அப்புறம் கடைசியில் ஓர் இடம் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

இது வராமல் தடுக்க, படத்துக்கு முன்னும் பின்னும் குறி வைப்பது பழைய வழக்கம். படம் 01:00:00:00-இல் தொடங்கினால், அதற்கு இரண்டு நொடி முன், 00:59:58:00-இல், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப் ஒலி. திரையில் அதே ஃபிரேமில் 2 என்ற எண். இதை டூ-பாப் என்பார்கள். கடைசி ஃபிரேமுக்கு இரண்டு நொடிக்குப் பின் இன்னொரு பீப். மிக்ஸ் திரும்பி வந்ததும் எடிட்டர் முதலில் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். முன் பீப் சரியாக உட்கார்ந்து பின் பீப் உட்காரவில்லை என்றால் நீளம் மாறியிருக்கிறது. முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்காமலே ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நாங்கள் அந்தப் படத்தில் பின் பீப் வைக்கவில்லை. வைத்திருந்தால் அன்றைய நாள் மிச்சமாகியிருக்கும்.

லாக் ஆன பிறகு மாற்றமே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை, வரத்தான் செய்யும். வந்தால் LOCK1-ஐத் தொடாமல் LOCK2 என்று புது ஃபோல்டர் திறக்க வேண்டும், என்ன மாறியது என்று ஒரு குறிப்பும் அதில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இவ்வளவு இருந்தால் போதும்:

```
KULAM  20240318_LOCK2  சவுண்டுக்கு
25 fps, தொடக்கம் 01:00:00:00, நீளம் 00:41:15:19
கோப்புகள் 3, மொத்தம் 5.2 GB
LOCK1-இலிருந்து மாற்றம்: 01:11:07:10-இல்
14 ஃபிரேம் எடுக்கப்பட்டது. மற்றவை அப்படியே.
LOCK1-ஐ இனி பயன்படுத்த வேண்டாம்.
```

இதைப் படித்ததும் சவுண்ட் எடிட்டர் அந்த இடத்தில் வெட்டி, பின்னால் உள்ளவற்றை எல்லாம் 14 ஃபிரேம் முன்னே இழுத்துவிடுவார். பத்து நிமிட வேலை. குறிப்பு இல்லாமல் புதுக் கோப்பு மட்டும் போனால் மாற்றம் எங்கே என்று அவரே தேட வேண்டியிருக்கும். நீளம் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். பெறுபவர் தன் மென்பொருளில் காட்டும் நீளத்தோடு ஒப்பிட்டால், தவறான கோப்பு வந்திருப்பது அந்த நிமிடமே தெரியும்.

அந்த மூன்று கோப்புகள் எவை என்றால்: ஒலித் தடங்கள் அடங்கிய ஏ.ஏ.எஃப்., டைம்கோடும் வெர்ஷன் பெயரும் படத்தின் மேலேயே பதித்த ஒரு பார்வைப் பிரதி, அப்புறம் இந்தக் குறிப்பு. ஏ.ஏ.எஃப். எடுக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் கூடுதல் ஒலி விட வேண்டும், அதை ஹேண்டில் என்பார்கள். எவ்வளவு என்பதில் ஆளுக்கு ஒரு பழக்கம். எனக்கு 5 நொடி சரியாக வந்திருக்கிறது, முழு நீளத்தையும் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதில் என் சொல்லைக் கேட்காமல் கொச்சிக்காரரையே கேளுங்கள். லாக் செய்வதற்கு முன்பே ஒரு நிமிடத் துண்டை மட்டும் அனுப்பி, அவர் பக்கம் திறக்கிறதா, தடங்கள் சரியாக விழுகின்றனவா என்று பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

கலர் பக்கம் வேறு விதமான ஆபத்து. அங்கே டைம்லைனோடு கேமரா அசல்களும் போக வேண்டும். கேமரா தருகிற பெயர்கள் நம்ப முடியாதவை. சோனி கேமராக்கள் பலவற்றில் கிளிப்பின் பெயர் C0001.MP4 என்று தொடங்கும், கோப்பு எண் அமைப்பைப் பொறுத்து அடுத்த கார்டிலும் அதே C0001-இலிருந்து தொடங்கும். ஐந்து கார்டு இருந்தால் ஐந்து C0012 இருக்கும். ஒருமுறை கலரிலிருந்து திரும்பிய படத்தில், ஒரு பெரியவர் பேட்டி கொடுக்கும் இடத்தில் எருமை குளித்துக்கொண்டிருந்தது. மென்பொருள் பெயரை மட்டும் பார்த்து வேறொரு கார்டின் C0012-ஐ எடுத்துக்கொண்டது. அங்கே பேட்டியும் எருமையும் என்பதால் உடனே தெரிந்தது. இரண்டும் ஒரே ஆளின் பேட்டியாக இருந்திருந்தால் யாரும் கவனிக்காமலே வெளியே போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் A001, A002 என்று தனி ஃபோல்டர். கிளிப்புக்கே A001_C0012 என்று பெயர் மாற்றலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கேமரா அசலைத் தொடவே கூடாது என்பவர்களின் நியாயம், கிளிப்போடு வரும் துணைக் கோப்புகளின் தொடர்பு அறுந்துவிடும் என்பது. நான் மாற்றுகிறவன், ஆனால் அசலின் ஒரு நகலை அப்படியே பத்திரப்படுத்திய பிறகு, எடிட்டுக்கான சிறிய நகலான பிராக்ஸியை எடுப்பதற்கு முன். எடிட் தொடங்கிய பிறகு பெயரை மாற்றினால் டைம்லைன் முழுக்க அசலோடு உறவு முறிந்துவிடும். அந்த நிலையில் இருந்தால் தொடாதீர்கள். பார்வைப் பிரதியைக் கீழ்த் தடத்தில் வைத்து, கலர் செய்பவர் ஒவ்வொரு வெட்டையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அசலை நெட்டில் அனுப்பலாமா என்று யோசிப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்த 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 12 மணி நேரக் காட்சி இருந்தால் 540 ஜிபி. வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் 40 மெகாபிட் என்றால் இடைவெளியே இல்லாமல் 30 மணி நேரம் ஓட வேண்டும், நடைமுறையில் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். அதே காட்சியை 5 மெகாபிட் பிராக்ஸியாக்கினால் 27 ஜிபி, ஒன்றரை மணி நேரம். ஆகவே பிராக்ஸி டிரைவில், அசல் ஹார்ட் டிஸ்கில் கூரியரில். டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், மேக்கிலும் விண்டோஸிலும் எழுதலாம். இன்னொரு நகல் உங்களிடம் இருக்கிறதா என்று சரிபார்க்காமல் கூரியர் கடைக்குப் போகாதீர்கள்.

நெட்டில் போகும் கோப்புகள் முழுமையாகப் போய்ச் சேர்ந்தனவா என்பது தனி விஷயம். பெரிய ஃபோல்டரை டிரைவிலிருந்து இறக்கினால் அது பல ஸிப்புகளாகப் பிரிந்து வரும், ஒன்று நடுவில் நின்றுபோனால் தெரியாது. "அண்ணே, டைம்லைன்ல பாதி சிவப்பா இருக்கு" என்று போன் வரும்போதுதான் ஒரு ஸிப் இறங்கவே இல்லை என்று கண்டுபிடிப்போம். குறிப்பில் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் எழுதுவது இதற்காகத்தான். முக்கியமான கோப்புக்கு இன்னும் ஒரு படி போகலாம். விண்டோஸில் இந்தக் கட்டளை கொடுத்தால் ஒரு நீண்ட குறியீடு வரும்:

```
certutil -hashfile KULAM_LOCK2.aaf MD5
```

மேக்கில் `md5 KULAM_LOCK2.aaf`. அனுப்பியவரிடமும் பெற்றவரிடமும் அதே குறியீடு வந்தால் கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. ஏ.ஏ.எஃப்., இறுதி மிக்ஸ், மாஸ்டர் ஆகியவற்றுக்கு மட்டும் நான் செய்கிறேன்.

ரிவ்யூ லிங்க்கில் உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். டைரக்டர் லிங்க்கில் மூன்று கருத்து எழுதுவார், வாட்ஸப்பில் இரண்டு குரல் பதிவு அனுப்புவார், போனில் ஒன்று சொல்வார். "மரத்துக்கு அப்புறம் வர்ற ஷாட்" என்றால் படத்தில் ஏழு மரம் இருக்கும். வாட்ஸப்பில் வருவதைத் தடுக்க முடியாது, நான் முயன்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, வந்ததை எடிட்டரே லிங்க்கில் டைம்கோடோடு எழுதி, "அண்ணா, இதுதானே சொன்னீங்க?" என்று கேட்டு ஆம் என்ற பதில் வாங்கிக்கொண்டுதான் வெட்டைத் தொட வேண்டும். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் கருத்துச் சொல்லக் கடைசி நாள் ஒன்று வையுங்கள். அதற்குப் பின் வருவது அடுத்த வெர்ஷனுக்கு.

லிங்க்கில் போகும் படத்திலும் v07 என்ற பெயரும் டைம்கோடும் மூலையில் பதிந்திருக்க வேண்டும். பிளேயர் காட்டும் நேரம் பூஜ்யத்திலிருந்து ஓடும், எடிட்டரின் டைம்லைன் ஒரு மணியிலிருந்து ஓடும், பதித்த எண் மட்டுமே எல்லோருக்கும் பொது. ஃபிரேம்.ஐஓ போன்ற தளங்களில் புது வெர்ஷனைப் பழையதன்மேல் அடுக்கலாம், பழைய கருத்துகள் பழைய வெர்ஷனோடேயே நிற்கும். டிரைவ் லிங்க்கையே ரிவ்யூவுக்குப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள்: ஏற்றியவுடன் அது குறைந்த தரத்தில்தான் ஓடும், நல்ல தரம் தயாராக நேரம் எடுக்கும். அதற்குள் பார்த்துவிட்டு "ஃபோகஸ் போயிருக்கே" என்பார்கள். நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு லிங்க்கை அனுப்புங்கள்.

லிங்க்கால் ஆகாததும் உண்டு. வெட்டு, வரிசை, எழுத்துப் பிழை, இசை எங்கே தொடங்க வேண்டும் என்பதை எல்லாம் லிங்க்கிலேயே முடித்துவிடலாம். நிறத்தையும் ஒலி அளவையும் முடிக்க முடியாது. ஒவ்வொரு போன் திரையும் ஒவ்வொரு விதம், இரவில் நிறத்தை மாற்றிக் காட்டும் வசதி போட்டிருந்தால் இன்னும் மஞ்சள். கோவையிலிருந்து டைரக்டர் "கொஞ்சம் டல்லா இருக்கு" என்றால் அது படமா, போனா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாளாவது அவர் ஹைதராபாத் போய் உட்காருவது நல்லது. முடியாவிட்டால் முதல் நாளே ஐந்து ஷாட்டைக் கலர் செய்து அனுப்பி, அவர் எந்தத் திரையில் பார்க்கிறாரோ அதே திரையில் கடைசிவரை பார்க்கச் சொல்லுங்கள். அப்போது குறைந்தபட்சம் அளவுகோலாவது மாறாமல் இருக்கும்.

இப்போது குழம்பிக் கிடப்பதற்கு நான் செய்யச் சொல்வது இது. ஒரு நாள் குறித்து நாலு பேரும் வேலையை நிறுத்துங்கள். தன்னிடம் இருக்கும் கடைசிப் படத்தின் பெயர், நீளம், கோப்பு சேமித்த தேதி மூன்றையும் ஒவ்வொருவரும் குழுவில் எழுதட்டும். நீளம் வேறாக இருந்தால் எங்கே பிரிந்தது என்று பார்வைப் பிரதிகளை அடுத்தடுத்த தடத்தில் வைத்து எடிட்டர் கண்டுபிடிக்கட்டும். பிறகு டைரக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பழைய எண் எதோடும் மோதாதபடி அதற்கு v20 என்று பெயர் வையுங்கள், மற்றவற்றை அழிக்காமல் OLD என்ற ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். டிரைவில் எந்தக் கோப்பு யாருடைய கணக்கிலிருந்து ஏற்றப்பட்டது என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். தனிநபர் கணக்கில் ஏற்றியவரே உரிமையாளர், அவருடைய இலவச 15 ஜிபியில்தான் அது இடம் பிடிக்கும், அவர் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும். இதெல்லாம் முடிந்ததும் v20-ஐக் கொச்சிக்கும் ஹைதராபாத்துக்கும் மேலே சொன்ன குறிப்போடு அனுப்புங்கள். இருவரும் கோப்பைத் திறந்து, நீளத்தைப் படித்து, "00:41:15:19, வந்தது" என்பது போல எண்ணோடு பதில் போடும்வரை எடிட்டர் அடுத்த வெட்டைத் தொட வேண்டாம்.